இரண்டு பிளேட்டுக்கு மேல் சட்டி தாங்காது

திருச்சியில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மாலை ஆறு மணிக்குத் திறக்கும் ஃபாஸ்ட் ஃபுட் கடை அது. எட்டரை மணிக்கு நான் போய் நின்றபோது எனக்கு முன்னால் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் கேட்டது ஒரே பண்டம், முட்டை ஃபிரைடு ரைஸ். மாஸ்டரோ இரண்டு பிளேட் போட்டு எடுத்தார், சட்டியைக் கழுவினார், மறுபடி இரண்டு போட்டார். காத்திருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாம் ஒரே ரைஸ்தானே அண்ணே, அஞ்சையும் ஒண்ணாப் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே?”

“முடியாது தம்பி. ரெண்டுக்கு மேல போட்டா சட்டி செத்துடும்” என்றார் மாஸ்டர், திரும்பிப் பார்க்காமலே.

சட்டி சாவது என்றால் என்ன? அடுப்பு அதே அடுப்பு, தீயும் இறங்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னது முழுக்க உண்மை. பெருந்தீயில் சமைப்பவர்களின் கைவேலை எல்லாம் இந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் இருக்கிறது. சட்டியைச் சாகவிடாமல் வைத்திருப்பது, அதையும் அறுபது எழுபது பிளேட் வரை ஒரே மாதிரி வைத்திருப்பது. அதற்குப் பிறகும் சில நாள் அங்கே போய் நின்று கவனித்தேன். அந்தச் சட்டிக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ளத் தண்ணீரிலிருந்து தொடங்குவதுதான் எளிது.

நாம் சட்டியில் போடும் எல்லாவற்றிலும் தண்ணீர் இருக்கிறது. முட்டைகோஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். குடைமிளகாயும் அப்படியே. முட்டையில் முக்கால் பங்கு. வெந்த சோற்றில் பாதிக்கு மேல். சூடு பட்டதும் இந்தத் தண்ணீர் வெளியே வரும். வந்த கணமே ஆவியாகிப் போய்விட்டால், காயும் சோறும் சட்டியின் சூட்டிலேயே வறுபடும். போகாமல் தங்கிவிட்டால் தண்ணீர் இருக்கிற இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. உணவு பொன்னிறமாகி வறுத்த மணம் வருவதற்கு ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும். ஆக, ஈரம் தங்கிய சட்டியில் வறுவலே நடக்காது, அவியல்தான் நடக்கும். தீ எவ்வளவு சீறினாலும் அந்தத் தண்ணீர் தீரும்வரை உணவு 100 டிகிரியிலேயே நிற்கும். மாஸ்டர் சட்டி செத்துவிட்டது என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

அப்படியானால் ஒரு அடுப்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு தண்ணீரை ஆவியாக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னரை முழுக்கத் திறந்து வைத்தால் மணிக்குச் சுமார் 200 கிராம் கேஸ் எரியும். அதன் சூட்டில் பாதி பாத்திரத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு முப்பது, முப்பத்தைந்து மில்லி தண்ணீர் ஆவியாகும். அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். தள்ளுவண்டியில் இருக்கும் ஹை பிரஷர் பர்னர் மணிக்கு 1,200 கிராம் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். தீ சட்டியின் பக்கமெல்லாம் வழிந்து வீணாகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உள்ளே போகும். அப்படிப் போனாலும் நிமிடத்துக்கு 120 மில்லி, கிட்டத்தட்ட அரை டம்ளர் தண்ணீர் ஆவியாகிவிடும். வீட்டில் செய்யும் ஃபிரைடு ரைஸுக்குக் கடை ருசி வராததற்குப் பெரும்பாலும் இந்த நான்கு மடங்கு வித்தியாசம்தான் காரணம். மசாலாவிலோ சாஸிலோ ரகசியம் எதுவும் கிடையாது.

இதைக் கொண்டு மாஸ்டரின் இரண்டு பிளேட் கணக்கைப் பார்க்கலாம். ஒரு பிளேட்டுக்கு 350 கிராம் சோறு, அறுபது எழுபது கிராம் காய், இரண்டு முட்டை என்று கொண்டால், சோற்றைச் சூடாக்கவும் தேவையற்ற ஈரத்தை ஓட்டவும் ஆகும் வெப்பம், நன்றாகக் காய்ந்த ஒரு சட்டியின் இரும்புக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமம். இரண்டாவது பிளேட்டுக்கு வேண்டியதைத் தீ ஓட்டத்திலேயே கொடுத்துவிடும். ஐந்து பிளேட் போட்டால் இரும்பில் இருந்ததெல்லாம் முதல் சில நொடிகளிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மிச்ச நேரம் முழுக்கத் தீயை மட்டும் நம்பியிருக்க வேண்டும். இதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். குவியல் பெரிதாகும்போது இரும்பைத் தொடுவது அடியில் இருக்கிற ஒரு பங்கு மட்டும்தான். மேலே இருப்பது அடியிலிருந்து வரும் ஆவியில் நனைந்துகொண்டிருக்கும். கரண்டியால் புரட்டலாம், ஆனால் தூக்கிப் போட முடியாது. இரண்டு பிளேட் இரண்டரை நிமிடத்தில் ஆகிறது என்றால், ஐந்து பிளேட் ஏழெட்டு நிமிடம் இழுக்கும். நேரமும் மிஞ்சாது, சோறும் குழைந்துவிடும்.

இப்போது அந்தச் சட்டியைக் கொஞ்சம் பார்ப்போம். நம் வீட்டு இரும்புச் சட்டியை விட அது மெல்லியது. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் இரும்புத் தகடு. அடி குழிவாக, ஒற்றைக் கைப்பிடியோடு இருக்கும். வோக் என்ற பெயர் கான்டனீஸ் மொழியிலிருந்து வந்தது. கொல்கத்தாவில் குடியேறிய சீனர்களின் சமையலறைகளில் உருவான இந்திய-சீனச் சமையல்தான் பிறகு நாடெங்கும் பரவியது. அதோடு சேர்ந்து சட்டியும் நம் தெருவுக்கு வந்தது. பெருந்தீக்கு ஏன் மெல்லிய சட்டி என்ற சந்தேகம் வருவது இயல்பு. தோசைக்கல்லோடு ஒப்பிட்டால் விளங்கும். தோசைக்கு ஏறாமல் இறங்காமல் ஒரே சீரான சூடு வேண்டும், அதனால் கல் கனமாக இருக்கிறது. சூடேற நேரமாகும், ஆறவும் நேரமாகும். ஃபிரைடு ரைஸுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். முட்டைக்கு ஒரு சூடு, பூண்டுக்கு ஒரு சூடு, சோறு விழுந்ததும் உச்சச் சூடு என்று பத்து நொடிக்கு ஒருமுறை மாற வேண்டும். கனமான இரும்பு அந்த வேகத்துக்கு மாறாது. மெல்லிய தகடு சூட்டைச் சீக்கிரம் இழக்கும் என்பது உண்மைதான், ஆனால் பெருந்தீ அதைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிடும்.

மாஸ்டர் அடுப்புக் குமிழை அடிக்கடி திருகுவதில்லை என்பதையும் கவனித்தேன். தீ ஒரே அளவில் எரிந்துகொண்டிருக்கிறது, சட்டிதான் நகர்கிறது. பூண்டு போட்டதும் சட்டியை ஒரு சாண் உயரம் தூக்கிப் பிடிக்கிறார். முட்டை உடைத்து ஊற்றும்போது தன் பக்கம் சாய்க்கிறார். காய் வதங்கியதும் சட்டியின் மேல் விளிம்புப் பக்கம் தள்ளி வைக்கிறார், அங்கே சூடு குறைவு. குழிந்த சட்டியில் அடிக்கும் விளிம்புக்கும் பெரிய சூட்டு வித்தியாசம் உண்டு. ஆகவே ஒரே சட்டிக்குள்ளேயே அவருக்கு மூன்று அடுப்பு இருக்கிறது. பெரிய சீன உணவகங்களில் முழங்காலால் தள்ளினால் தீ ஏறி இறங்கும் நெம்புகோல் வைத்திருப்பார்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மூன்றாவது கை வேண்டியிருக்கிறதே. தள்ளுவண்டியில் அந்த வசதி இல்லை, அதனால் இடது மணிக்கட்டே அந்த வேலையையும் செய்கிறது.

தீயின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நீலமாக, இரைச்சலோடு எரிந்தால் கேஸுக்கு வேண்டிய காற்று சேர்கிறது என்று பொருள். நுனி மஞ்சளானால் காற்று போதவில்லை. அப்போது கேஸ் வீணாகி, சட்டியின் அடியில் கரி படியும். படிந்த கரி சூட்டைத் தடுக்கும், உணவிலும் புகை வாசம் ஏறும். பர்னரின் காற்றுத் துளையைச் சரிசெய்தாலோ, துளையில் வழிந்து காய்ந்த சாஸைச் சுரண்டினாலோ பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

அடுத்தது எண்ணெய். இதில்தான் புதிதாகக் கரண்டி பிடிப்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். நாம் வீட்டில் பழகிய வரிசை, சட்டி வைத்து, எண்ணெய் ஊற்றி, எண்ணெய் காயும்வரை காத்திருப்பது. பெருந்தீயில் அந்த வரிசை உதவாது. வெறும் சட்டியை முதலில் காய வைக்க வேண்டும். எண்ணெய் கடைசியில்தான் வர வேண்டும். காரணம், எண்ணெயால் அந்தச் சூட்டில் நெடுநேரம் நிற்க முடியாது. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயும் பாமாயிலும் 225, 230 டிகிரி அளவில் புகையத் தொடங்கும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் அதற்கு வெகு முன்பே, 180 டிகிரிக்குள்ளாகவே புகைந்துவிடும். காய்ந்த சட்டியோ 300 டிகிரியைத் தொட்டிருக்கும். எண்ணெயை ஊற்றிவிட்டு வெங்காயத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அது கருகிக் கண்ணைக் கரிக்கும் புகையாகிவிடும்.

சட்டி எப்போது காய்ந்தது என்று அறிய மாஸ்டர் செய்வது எளிய சோதனை. விரல் நனைத்து நான்கு துளி தண்ணீர் தெளிக்கிறார். துளி விழுந்த இடத்திலேயே சுர்ரென்று பொங்கி மறைந்தால் இன்னும் போதாது. துளி உடையாமல் பாதரசம் போல உருண்டு ஓடினால் சட்டி 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. துளியின் அடியில் உடனே ஒரு ஆவிப்படலம் உண்டாகி அதை இரும்பைத் தொட விடாமல் தாங்குவதால்தான் அப்படி ஓடுகிறது. அதற்குப் பிறகு இன்னும் சில நொடி விட்டு, முதல் புகைநூல் எழும்போது எண்ணெய் ஊற்றுகிறார். ஊற்றியதும் சட்டியை ஒரு சுற்றுச் சுழற்றுகிறார், எண்ணெய் விளிம்புவரை ஏறி இறங்கும். ஊற்றியதற்கும் முட்டை விழுவதற்கும் நடுவே மூன்று நான்கு நொடிதான். குளிர்ந்த எண்ணெய் விழுந்ததால் சட்டி சற்றே இறங்கும், இரும்பின் சூட்டில் எண்ணெய் ஏறும். இரண்டும் சந்திக்கும் அந்த இடத்தில் முட்டை விழ வேண்டும். சரியாக விழுந்தால் முட்டை ஓரமெல்லாம் நுரைத்துப் பூப்போல உப்பும், சட்டியில் ஒட்டாது. சட்டி காயாமல் விழுந்த முட்டை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்தாலும் பிடித்த துணுக்கு கருகிக் கடைசிவரை சோற்றில் கறுப்பாகத் தெரியும்.

சில மாஸ்டர்கள் முதலில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, அதைத் திரும்ப எண்ணெய்ப் பாத்திரத்திலேயே கொட்டிவிட்டு, புதிதாகக் கொஞ்சம் ஊற்றித் தொடங்குவார்கள். இது சட்டியின் நுண்குழிகளை எண்ணெயால் நிரப்பி, ஒட்டாமல் காக்கும். மீன், நூடுல்ஸ் போன்ற ஒட்டும் பண்டங்களுக்கு இது மிக உதவும். ஆனால் கொட்டிய எண்ணெய் ஒவ்வொரு முறையும் சூடுபட்டுக் கெட்டுக்கொண்டே வரும். நிறம் கறுத்து, பிசுபிசுப்பும் நுரையும் வந்த பிறகும் அதையே ஓட்டக் கூடாது. அப்படிப்பட்ட எண்ணெய் சீக்கிரம் புகையும், கசக்கும். அந்தப் புகையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பெருஞ்சூட்டில் வறுக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் வரிசையில் 2010இல் வெளியிட்ட தொகுப்பில் வைத்திருக்கிறது. தெருவில் காற்று அடித்துக்கொண்டு போகிறது. மூடிய சமையலறையில் புகைபோக்கி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. டெஃப்லான் பூசிய ஒட்டாத சட்டியைப் பெருந்தீயில் வெறுமனே காய வைப்பதும் கூடாது. 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சே சிதையத் தொடங்கும்.

சட்டிக்குள் எண்ணெய் தீப்பிடித்து ஆளுயரம் எழுவதைப் பலர் வேடிக்கை பார்ப்பதுண்டு. தூக்கிப் போடும்போது சிதறும் எண்ணெய்த் துளிகள் விளிம்புக்கு வெளியே தீயைத் தொட்டு ஒரு நொடி பற்றி அணைவது வேறு. அந்தக் கணநேரச் சுடர்தான் கடை ருசிக்கு ஒரு பங்கு மணம் தருகிறது. கான்டன் சமையற்காரர்கள் வோக் ஹெய் என்று சொல்வது, அதாவது சட்டியின் மூச்சு, இந்தச் சுடரும் வறுபட்ட சோறும் சூடான இரும்பைத் தொட்ட சாஸும் சேர்ந்த மணத்தைத்தான். ஆனால் சட்டியில் தேங்கிய எண்ணெயே நின்று எரிந்தால் அது விபத்து. கேஸை மூடி, சட்டியை மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அது கணத்தில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருத்து, எரியும் எண்ணெயை வெளியே வீசும்.

தூக்கிப் போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அழகுக்காகச் செய்வதில்லை. சட்டி 300 டிகிரியில் இருக்கும்போது அடியில் இருக்கும் சோறு சில நொடியில் கருகிவிடும். கருகுவதற்குள் அதை மேலே அனுப்பி, மேலே இருப்பதைக் கீழே கொண்டுவர வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹங்டாங் கோவும் டேவிட் ஹூவும் தொழில்முறைச் சமையற்காரர்கள் ஃபிரைடு ரைஸ் போடுவதைப் படம் பிடித்து அளந்து, 2020இல் ஆய்வாக வெளியிட்டார்கள். நொடிக்கு ஏறத்தாழ 2.7 முறை சோறு மேலே எழுகிறது என்பது அவர்களின் அளவு. சட்டியைக் கையால் தூக்குவதில்லை; அடுப்பின் விளிம்பில் சாய்த்து வைத்து, தள்ளி இழுக்கும்போது ஏற்றப்பலகை போல அது ஆடுகிறது. தள்ளலும் சாய்வும் ஒன்றுக்கொன்று சற்றே முன்பின்னாக வரும்போதுதான் சோறு மேலே எழுந்து புரண்டு விழுகிறது. சட்டியின் எடையை விளிம்பு தாங்குவதால்தான் ஒரு மனிதர் ஒரு இரவில் இதை ஆயிரக்கணக்கான முறை செய்ய முடிகிறது. அப்படியும் தோள்வலி இந்தத் தொழிலை விட்டபாடில்லை. அந்தத் திருச்சி மாஸ்டரும் கடை மூடிய பிறகு இடது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது இரண்டு பிளேட் முட்டை ரைஸை நொடிக் கணக்கில் பார்ப்போம். சட்டி காய்ந்ததும் எண்ணெய், சுழற்று. நான்காவது நொடியில் நான்கு முட்டை. அவை பாதி இறுகும்போதே, பத்துப் பன்னிரண்டு நொடிக்குள், கரண்டியால் கீறி ஓரம் ஒதுக்கியாகிவிட்டது. அடுத்து நறுக்கிய கோஸ், கேரட், பீன்ஸ். இருபது நொடி. உப்பு இப்போது போடுவதில்லை. உப்பு பட்டால் காய் தண்ணீரை விட்டுவிடும், சட்டி இறங்கும். பிறகு சோறு. கரண்டியின் புறத்தால் கட்டிகளை மெல்ல அழுத்தி உதிர்த்து, உடனே தூக்கிப் போடத் தொடங்குகிறார். சோறு விழுந்ததும் சட்டியின் சத்தம் ஒரு கணம் தணிகிறது. மாஸ்டர் காது கொடுத்துக் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான். பத்து நொடிக்குள் மறுபடி சடசடவென்று வெடிக்கும் சத்தம் வந்தால் ஈரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொதிக்கிற சத்தம் போல முணுமுணுத்துக்கொண்டே இருந்தால் சட்டி செத்துவிட்டது. அப்போது சாஸ் ஊற்றக் கூடாது, அது இன்னும் ஈரம். பாதியை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு மீதியை முதலில் ஓட்டி முடிப்பதுதான் வழி.

சத்தம் திரும்பியதும் உப்பும் மிளகுத்தூளும் போகும். சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றுவதில்லை. சோற்றை ஒதுக்கி, சட்டியின் பக்கச் சுவரில் வளைவாக ஊற்றுகிறார். சூடான இரும்பில் அது சீறிப் பொங்கி, தண்ணீர் பறந்து, உப்பும் இனிப்பும் இறுகி மணம் ஏறிய பிறகே சோற்றில் கலக்கிறது. அப்படிச் செய்தால் குறைந்த சாஸிலேயே நிறமும் மணமும் வந்துவிடும். கடைசியில் வெங்காயத்தாள், இரண்டு தூக்கு, பிளேட். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்கு முன்னே பின்னே.

கூட்ட நேரத்தின் சோதனை இந்த இரண்டு நிமிடத்தில் வருவதில்லை. முப்பதாவது முறை அதையே செய்யும்போதுதான் வருகிறது. முதலில் கெடுவது சட்டிதான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாஸும் முட்டையும் சுவரில் ஒட்டித் தங்கும். அடுத்த சுற்றில் அது கருகும். நாலு சுற்று கழுவாமல் ஓடினால் ஐந்தாவது பிளேட்டில் கறுப்புத் துணுக்கும் அடித்தொண்டையில் ஒரு கசப்பும் வரும். அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, நார்த்துடைப்பத்தால் சுற்றித் தேய்த்துக் கொட்டிவிட வேண்டும். தண்ணீர் பட்டால் சட்டி இறங்கிவிடும் என்பதால் சிலர் துணியால் துடைத்து ஒப்பேற்றுகிறார்கள். உண்மையில் கழுவித் திரும்பக் காய வைக்க இருபது முப்பது நொடிதான் ஆகும். அந்த நேரத்தில் அடுத்த ஆர்டரின் சோற்றை அளந்து எடுத்து வைத்துவிடலாம். கூட்டத்தைப் பார்த்துப் பதறி, காயாத சட்டியில் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் அந்த இருபது நொடியை மிச்சம் பிடித்து, ஒட்டிய முட்டையைச் சுரண்டுவதில் அதை இழக்கிறார்கள்.

இரண்டாவது, அளவு. கை அளவு நம்பகமானது என்று சொல்வார்கள். ஏழு மணிக்கு அது சரிதான். ஒன்பதரைக்குக் கை தளர்ந்திருக்கும், நாக்கும் மரத்திருக்கும். உப்பு கூடுவது அந்த நேரத்தில்தான். இந்தக் கடையில் சோற்றுக்கு ஒரு கிண்ணம், காய்க்கு ஒரு சிறு டப்பா என்று வைத்திருக்கிறார்கள். சோயா, வினிகர், மிளகாய் சாஸ் மூன்றையும் மாலையிலேயே ஒரே பாட்டிலில் கலந்து வைத்துவிட்டார்கள். மூன்று பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றுவதை விட ஒரே பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினால் தவறு வாய்ப்பும் குறைகிறது, ஐந்து நொடியும் மிச்சமாகிறது. இந்தத் தீயில் ஐந்து நொடி பெரிது. உப்பும் மிளகும் சாஸும் முட்டையும் இடத்தை விட்டு நகராமல், கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாலும் கைக்கு அகப்படும் தூரத்தில் இருக்கின்றன. உதவிக்கு நிற்கும் பையன் எதையாவது இடம் மாற்றி வைத்தால் மாஸ்டருக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மூன்றாவது, பலர் கவனிக்காத ஒன்று, சிலிண்டர். ஒன்பது மணிவாக்கில் தீ இறங்குவதைப் பார்த்துவிட்டு கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆட்டிப் பார்த்தால் உள்ளே இன்னும் இருக்கும். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அது வாயுவாக மாறுவதற்கும் சூடு வேண்டும். அந்தச் சூட்டை அது இரும்புச் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டு பெரிய பர்னர்கள் இடைவிடாமல் இழுக்கும்போது காற்று கொடுக்கும் சூடு போதாமல் திரவம் குளிர்ந்துபோகும். குளிரக் குளிர அழுத்தம் குறையும், தீ இறங்கும். திரவ மட்டம் குறைந்த சிலிண்டரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சிலிண்டரின் வெளிப்புறம் அடியிலிருந்து ஒரு மட்டம் வரை வியர்த்திருப்பதுதான் அடையாளம். சிலர் சிலிண்டரைச் சாய்க்கிறார்கள், படுக்க வைக்கிறார்கள், வெந்நீர் ஊற்றுகிறார்கள். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் வந்து அடுப்பில் பெருந்தீயாகப் பாயும். மூன்றுமே உயிருக்கு ஆபத்து. இரண்டு 19 கிலோ வணிகச் சிலிண்டர்களை முறையான இணைப்பில் சேர்த்து ஒரே நேரத்தில் இரண்டிலிருந்தும் எடுப்பதுதான் சரியான வழி. ஒவ்வொன்றின் மேலும் பாரம் பாதியாகும், தீ கடைசிவரை ஒரே மாதிரி நிற்கும்.

நான்காவது சோறு. பாசுமதியை முழுக்க வேகவிடாமல், நடுவில் சிறு உறுதி இருக்கும்போதே வடித்து, அகலத் தட்டில் பரப்பி ஆற வைக்கிறார்கள். பரப்பும்போது மேல் ஈரம் பறந்துவிடுவதால் சட்டிக்கு வேலை குறைகிறது. வடித்த சூட்டோடு குவித்து மூடி வைத்தால் ஆவி உள்ளேயே தங்கிச் சோறு ஒட்டும். அதை எந்தத் தீயாலும் உதிர்க்க முடியாது. இன்னொரு ஆபத்தும் அந்தக் குவியலில் இருக்கிறது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் சாகாமல் தப்பிவிடும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி வாந்தி உண்டாக்கும் ஒரு நஞ்சை விடுகின்றன. 1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி கண்டபோது இந்தக் காரணம் தெரியவந்தது. அந்த நஞ்சு, சட்டித் தீயில் இரண்டு நிமிடம் புரட்டுவதால் அழிவதில்லை. ஆகவே மதியம் வடித்த சோற்றை இரவு பத்து மணிவரை அண்டாவில் வைத்திருப்பது தவறு. பரப்பி விரைவில் ஆற்றி, குளிர்பெட்டியில் வைத்து, அரை மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து உதிர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியிலிருந்து கட்டியாக எடுத்து அப்படியே சட்டியில் போட்டால், கூடுதல் குளிரையும் சட்டியே சுமக்க வேண்டும். இரண்டு பிளேட் தாங்கும் சட்டி அப்போது ஒன்றரை பிளேட்தான் தாங்கும்.

வீட்டில் செய்கிறவர்கள் மாஸ்டரின் கணக்கை நான்கால் வகுத்துக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர்தான் ஓட்ட முடியும் என்றால், ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கு உரியதே அதிகம். இரும்புச் சட்டியை மூன்று நான்கு நிமிடம் வெறுமனே காய விடுங்கள். முட்டையைத் தனியே போட்டு எடுத்து வையுங்கள். சட்டி திரும்பக் காய்ந்ததும் காயைப் போட்டு எடுங்கள். பிறகு சோற்றை மட்டும் பரப்பி, கிளறாமல் முப்பது நொடி விட்டுப் புரட்டுங்கள். வீட்டு அடுப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் சட்டி தீயை விட்டு விலகி மேலும் ஆறிவிடும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிமிடம். நான்கு பேருக்கு நான்கு தடவை. இப்படிச் செய்தால் கடை மணம் முழுக்க வராது, அந்தச் சுடர் நம் அடுப்பில் இல்லை. சோறு உதிரியாக, ஓரம் வறுபட்டு வரும்.

பத்தே முக்காலுக்குக் கடைசிப் பார்சல் போனது. மாஸ்டர் சட்டியைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் தேய்த்து, தீயில் வைத்து ஈரம் முழுக்கப் போக்கினார். ஒரு துணியில் எண்ணெய் தொட்டு உள்ளும் புறமும் மெல்லப் பூசி, புகையும்வரை காய வைத்தார். அந்தச் சூட்டில் எண்ணெய் இறுகி இரும்பின் மேல் கறுப்பான வழுவழுப்புப் பூச்சாகப் படிகிறது. நாளை முட்டை ஒட்டாமல் இருப்பது அதனால்தான். புதுச் சட்டியில் அந்தப் பூச்சு நிலைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

“தினம் ஓடுற சட்டின்னா ஒரு மாசம். இது ஆறு வருஷச் சட்டி தம்பி” என்றபடி அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிலிண்டர் வால்வை மூடினார்.